உப்புப் பக்கற்றும் மூன்று பதிவேடுகளும்

ஈரம் பிடித்த உப்பு புனலுக்குள் கீழே இறங்காது. வாய்க்குச் சற்று மேலே வில்போல வளைந்து கட்டிக்கொண்டு நிற்கும். கீழே பொதியிடும் மெசின் தன் பாட்டுக்கு ஓடும்; பக்கற் பாதி நிறைந்தோ வெறுமையாகவோ விழும். ஒப்பரேற்றர் மெசினை நிறுத்துவார், பக்கத்தில் சாத்தி வைத்திருக்கும் மரச் சுத்தியலால் புனலின் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார், உப்புச் சரசரவென்று இறங்கும், மறுபடி பொத்தானை அமுக்குவார். மொத்தம் இருபது விநாடி. ஷிப்ட் முடிவில் இடைநிறுத்தப் பதிவேட்டைப் புரட்டினால் அந்த இருபது விநாடி அங்கே இருக்காது. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்ததை எழுதத் தேவையில்லை என்பது பல தொழிற்சாலைகளில் எழுதாத சட்டம்.

எழுதாமல் போன அந்த நேரம் அறிக்கையில் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. மன்னார்த் தீவில் தாராபுரத்துப் பக்கம் பிறந்தவனுக்கு உதாரணத்துக்கு உப்பைவிட நெருக்கமான பொருள் கிடைக்காது. வெயில் மாதங்களில் பாத்திகளில் விளையும் உப்பு, வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் குவியலிலேயே ஈரத்தை இழுக்கும். அந்த உப்பை அரைத்து, அயடீன் சேர்த்து, ஒரு கிலோப் பக்கற்றாக அடைக்கும் மெசின் ஒன்றையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எந்த ஒரு உப்பளத்தின் கணக்கும் அல்ல. ஆனால் அவற்றில் வரும் பிழைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தளங்களில் நான் கண்ணால் கண்டவை.

அளவீட்டின் பெயர் ஒட்டுமொத்த இயந்திரப் பயன்திறன். தொழிற்சாலைக்குள் எல்லோரும் ஓ.ஈ.ஈ. என்றே சொல்வார்கள். ஜப்பானில் செய்இச்சி நகஜிமா வகுத்த பராமரிப்பு முறையோடு வந்தது இது. அந்த முறைக்கு முதலில் பேர் வாங்கித் தந்தது, 1971இல் அதற்கான விருதைப் பெற்ற நிப்பொன்டென்சோ என்ற மோட்டார் உதிரிப்பாகக் கம்பனி. நகஜிமாவின் நூல் 1988இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு இந்த எண் உலகெங்கும் பரவியது. மெசின் எவ்வளவு நேரம் ஓடியது, ஓடிய நேரத்தில் எவ்வளவு வேகமாக ஓடியது, ஓடிச் செய்ததில் எவ்வளவு நல்லது என்ற மூன்று விகிதங்களைப் பெருக்கினால் அது கிடைக்கும்.

```
A   = (PPT - DT) / PPT
P   = TC * ICT / (PPT - DT)
Q   = GC / TC
OEE = A * P * Q
```

PPT என்பது ஓட வேண்டும் என்று திட்டமிட்ட நேரம், DT இடைநின்ற நேரம், TC செய்த மொத்தப் பக்கற், GC அதில் நல்லவை, ICT ஒரு பக்கற்றுக்கு உரிய நேரம். முதல் விகிதத்தின் மேலே இருக்கும் ஓடிய நேரம் இரண்டாவதின் கீழே வருகிறது. இரண்டாவதின் மேலே இருக்கும் மொத்தப் பக்கற் மூன்றாவதின் கீழே வருகிறது. மூன்றையும் பெருக்கலாம் என்பதற்கு நியாயம் இந்தச் சங்கிலிதான். சராசரி எடுக்காமல் ஏன் பெருக்குகிறோம் என்று கேட்பவருக்கும் இதுவே விடை.

இனி ஒரு நாள். ஷிப்ட் காலை 7.00 முதல் பிற்பகல் 3.30 வரை, 510 நிமிடம். தேநீர் 10.00க்கும் 2.30க்கும் கால் மணி நேரம் வீதம், சாப்பாடு 12.00க்கு அரை மணி நேரம். கழித்தால் திட்டநேரம் 450 நிமிடம். மெசினின் உரிய வேகம் நிமிடத்துக்கு 30 பக்கற், அதாவது பக்கற்றுக்கு இரண்டு விநாடி. அன்று எண்ணி காட்டியது 9,900. கழிவுக் கூடையில் 297. நல்லவை 9,603.

இடைநிறுத்தப் பதிவேட்டில் ஐந்து வரிகள். காலை 7.00 முதல் 7.25 வரை, ஒட்டும் தாடைகள் சூடேறி நிறை சரிபார்த்தது. 9.40 முதல் 10.20 வரை, கரண்ட் நின்று ஜெனரேற்றருக்கு மாறி மீண்டும் சூடேற்றியது. 11.30 முதல் 11.42 வரை, பிளாஸ்டிக் சுருள் மாற்றம். பிற்பகல் 1.10 முதல் 1.28 வரை, தாடையின் டெஃப்லான் துணி கருகியதால் மாற்றம். ஐந்தாவது வரி வேறு கையெழுத்தில் இருக்கிறது: பிற்றர் எழுதியது, 1.05 முதல் 1.25 வரை, அதே டெஃப்லான்.

அவசரத்தில் கூட்டுபவர் 25, 40, 12, 18, 20 என்று கூட்டி 115 நிமிடம் என்பார். அது பிழை, அதுவும் இரண்டு இடத்தில். கரண்ட் நின்ற நாற்பது நிமிடத்துக்குள் தேநீர் கால் மணி நேரம் அடங்கியிருக்கிறது. அதைத் திட்டநேரத்திலிருந்து ஏற்கனவே கழித்தாயிற்று. இரண்டாம் முறை கழிக்கக் கூடாது. டெஃப்லானை ஒப்பரேற்றரும் பிற்றரும் ஆளுக்கொரு கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மெசின் நின்றது 1.05 முதல் 1.28 வரை ஒரே தடவை, 23 நிமிடம். ஆகச் சரியான தொகை 25, 25, 12, 23: மொத்தம் 85.

இதற்குக் கணினி வேண்டும் என்றில்லை. சதுரக் கட்டத் தாளில் நிமிடத்துக்கொரு கட்டம் என்று 510 கட்டம் எடுத்து, ஓய்வு நேரத்தை முதலில் பென்சிலால் அடித்துவிட்டு, நின்ற நிமிடங்களைச் சிவப்பில் நிரப்பினால் போதும். ஒரே கட்டத்தை இரண்டு முறை நிரப்ப முடியாது. பென்சில் பட்ட கட்டத்தில் சிவப்புச் செல்லாது. நான் இந்த வேலையைப் பழகியது அப்படித்தான். பிறகு எழுதிய நிரலும் அந்தத் தாளின் நகல்தான்:

```python
def down_minutes(stops, breaks):
    down, off = set(), set()
    for a, b in stops:
        down |= set(range(a, b))
    for a, b in breaks:
        off |= set(range(a, b))
    return len(down - off)
```

நேரத்தை ஷிப்ட் தொடங்கியதிலிருந்து நிமிடமாகக் கொடுக்க வேண்டும், 9.40 என்பது 160. இரவு ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டும்போது 00.10இலிருந்து 23.50ஐக் கழித்து எதிர்மறை விடை வருகிற பழைய தலையிடியும் இதனால் போய்விடும்.

85ஐ வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஓடிய நேரம் 365 நிமிடம். முதல் விகிதம் 81.1 வீதம். அந்த 365 நிமிடத்தில், நிமிடத்துக்கு முப்பதாக, 10,950 பக்கற் வந்திருக்க வேண்டும், வந்தது 9,900. இரண்டாம் விகிதம் 90.4. மூன்றாவது 97.0. பெருக்கினால் 71.1 வீதம்.

பிழையான 115ஐ வைத்துப் போட்டால்? ஓடிய நேரம் 335, முதல் விகிதம் 74.4, இரண்டாவது 98.5, மூன்றாவது அதே 97.0. பெருக்கினால் மறுபடியும் 71.1. சுப்பவைசருக்குப் பயந்து பாதியை மறைத்து நாற்பது நிமிடம் மட்டும் எழுதியிருந்தால்? 91.1, 80.5, 97.0. அப்போதும் 71.1தான்.

இதை முதன்முதலில் கண்டபோது நான் கணக்கில் எங்கோ தவறிவிட்டேன் என்று நினைத்து மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். தவறில்லை. சங்கிலியில் இடையே வருபவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன, மிஞ்சுவது இவ்வளவே:

```
OEE = GC * ICT / PPT
```

நல்ல பக்கற் 9,603. திட்டநேரத்தில் வரக்கூடிய உச்சம் 13,500. ஒன்றை மற்றதால் வகுத்தால் முடிந்தது. இடைநிறுத்தப் பதிவேடு இந்த வரியில் இல்லவே இல்லை. ஒப்பரேற்றரும் பிற்றரும் யாருடைய நிமிடம் என்று எவ்வளவு சண்டை பிடித்தாலும் இறுதி எண் அசையாது. எழுதாத நிமிடம் காணாமல் போவதில்லை, வேக விகிதத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கூடுதலாக எழுதிய நிமிடம் வேக விகிதத்தை உயர்த்திக் காட்டுகிறது. பதிவேட்டின் வேலை மொத்தத்தைக் கண்டுபிடிப்பதல்ல. இழப்பு எந்த அறையில் இருக்கிறது என்று காட்டுவது. ஆகவே அறிக்கை எழுதும்போது நான் முதலில் இந்தக் குறுக்கு வழியில் மொத்தத்தைப் போட்டுவிட்டு, பிறகு மூன்றையும் பெருக்கிப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் யாரோ ஒரு இடத்தில் வேறு ஓடிய நேரத்தையோ வேறு எண்ணிக்கையையோ பாவித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றாக வந்தால் பெருக்கல் சரி என்பது மட்டுமே உறுதி. பதிவேடு சரியா என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

சாட்சி சொல்லக்கூடியது வேகப் பதிவேடு. வேக விகிதத்தில் விடுபட்டவை 1,050 பக்கற், உரிய வேகத்தில் 35 நிமிட வேலை. அன்று கரண்ட் வந்த பிறகு புதிய குவியலிலிருந்து உப்பு எடுத்தார்கள், ஈரம் கூட. 10.20 முதல் ஒப்பரேற்றர் வேகத்தை 27க்கு இறக்கி வைத்தார் என்று பதிவு சொல்கிறது. ஓய்வும் நிறுத்தமும் போக அதற்குப் பின் ஓடியது 230 நிமிடம். நிமிடத்துக்கு மூன்று பக்கற் வீதம் 690 குறைந்திருக்கும். அது 23 நிமிடம். 35இல் 23 போக மிச்சம் 12 நிமிடம். அதற்கு எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லை.

மரச் சுத்தியல் இங்கேதான் வருகிறது. இருபது விநாடி வீதம் முப்பத்தாறு தட்டு என்றால் சரியாகப் பன்னிரண்டு நிமிடம். அப்படித்தான் நடந்தது என்று கணக்கு நிரூபிக்காது. எண்ணி பழுதாகவும் இருக்கலாம், பதிவில் 27 என்றிருந்து மெசின் 26இல் ஓடியிருக்கவும் கூடும். ஆனால் மறுநாள் ஒருவரைப் புனலருகில் சுவரில் கோடு கீறச் சொல்லி நிறுத்தினால் அரை நாளில் தெரிந்துவிடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், இந்தக் கோடுகளைக் காட்டிக் கேட்டபோது அங்கிருந்த மூத்த ஒப்பரேற்றர் நானா சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, இதெல்லாம் நிப்பாட்டுறதா? இது மெசினுக்கு விக்கல்.” அவர் சொன்னது நல்ல பெயர். அன்றிலிருந்து என் படிவத்தில் சிறு நிறுத்தங்களுக்கென்று ஒரு நிரல் உண்டு. நேரம் எழுத வேண்டாம், கோடு மட்டும் போட்டால் போதும்.

வேக விகிதத்தில் இன்னொரு பெரிய சங்கதி, உரிய வேகம் என்று எதை வைப்பது என்பது. மேலே உள்ள கணக்கில் அதை 30 என்று வைத்தேன். மழைக்கால உப்புக்கு 25தான் நியாயம் என்று ஒரு முகாமையாளர் மாற்றினால், உச்சம் 11,250 ஆகிறது, பயன்திறன் 85.4 வீதம் ஆகிறது. தளத்தில் ஒரு பக்கற்கூட அதிகம் வரவில்லை. 85 என்ற இடத்தில் போய் நிற்பதும் தற்செயலல்ல. உலகத்தரம் என்று எல்லா அறிக்கையிலும் வருகிற எண் அது. நகஜிமா ஓடிய நேரத்துக்கு 90, வேகத்துக்கு 95, தரத்துக்கு 99 என்று இலக்கு வைத்தார். பெருக்கினால் கிட்டத்தட்ட 85. ஒரே பொருளை நாள் முழுக்கச் செய்யும் மோட்டார் பாகத் தளங்களுக்கு ஏற்ற இலக்கு அது. ஈர உப்பு அடைக்கும் மெசினுக்கு அதைப் பொருத்திப் பார்த்துப் பெருமையோ வெட்கமோ படுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எண்ணைத் திருத்தியது தெரிய ஓர் அடையாளம் உண்டு: 25 என்று வைத்தால் வேக விகிதம் 108.5 வீதம் வருகிறது. நூறுக்கு மேல் வேக விகிதம் வந்தால் உரிய வேகம் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது ஓடிய நிமிடங்களை நின்றதாக எழுதியிருக்கிறார்கள். அல்லது எண்ணி இரட்டிப்பாக எண்ணுகிறது. அதை நூறு என்று வெட்டிக் காட்டும் மென்பொருள்களும் உண்டு. அப்படி வெட்டினால் அடையாளமும் போய்விடும். உலர்ந்த உப்பில் மெசின் தொடர்ந்து கால் மணி நேரம் தாங்கி ஓடிய உச்ச வேகத்தையே உரிய வேகமாக வைத்து, வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தொடாமல் விடுவது என் வழக்கம். மழையால் வந்த இழப்பு இழப்பாகவே தெரியட்டும். புனலுக்கு ஓர் அதிர்வூட்டி வாங்கித் தரச் சொல்லிக் கேட்பதற்கு அந்த 35 நிமிடம்தான் ஆதாரம்.

வகுத்தியின் மறுபாதி திட்டநேரம். இதில்தான் கள்ளத்தனமில்லாமலே கணக்குகள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் போகின்றன. தாராபுரம் போன்ற ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் உள்ள இடத்தில் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக மதிய ஓய்வு நீளும். அது நேர அட்டவணையிலேயே இருப்பதால் திட்டநேரத்திலிருந்து கழிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் பயன்திறன் விழுவதாகக் காட்டும் அறிக்கை அட்டவணையைப் பார்க்காமல் எழுதியது. உப்பு வராமல் மெசின் சும்மா நின்றால்? முதல் நாளே சொல்லி ஆட்களை வர வேண்டாம் என்றிருந்தால் கழிக்கலாம். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் அது இடைநிறுத்தம். மெசின் பழுதில்லையே என்று பராமரிப்புப் பிரிவு குறைப்படும். பயன்திறன் பராமரிப்புப் பிரிவின் மதிப்பெண் அல்ல, தளத்தின் மதிப்பெண்.

இந்தக் கேள்வி உப்புக்கு மட்டும் உரியதல்ல. தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலைகள் முப்பது, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், மொத்தம் 103.5. காற்றில்லாத ஒரு பகலில் அவற்றின் இறக்கை அசையாமல் நிற்பதைப் பார்த்து ஊரில் யாராவது பழுதோ என்று கேட்பார்கள். காற்றாலைத் தொழிலில், காற்று வந்தால் ஓடத் தயாராக நின்ற நேரம் பொதுவாகக் கிடைத்த நேரமாகவே எண்ணப்படும். அவற்றின் ஆண்டு உற்பத்தி குறைவாக இருப்பது வேறொரு விகிதத்தில் தெரியும். உப்பு மெசினுக்கும் அப்படி இரண்டு எண் வைத்துக்கொள்ளலாம், ஒன்று திட்டநேரத்துக்கு, மற்றது நாட்காட்டியின் முழு நேரத்துக்கு. ஒன்றை மற்றதின் பெயரில் அறிவிப்பதுதான் தகராறு. 2014இல் வந்த ஐஎஸ்ஓ 22400 தொடரின் இரண்டாம் பகுதி இப்பெயர்களுக்கு வரையறை தந்திருக்கிறது. அது இருந்தும் இரண்டு தொழிற்சாலைகளின் எண்களை ஒப்பிடுமுன் இருவரும் எதைக் கழித்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

சராசரியைப் பற்றி ஒரு வார்த்தை. சனிக்கிழமை அரை நாள், திட்டநேரம் 240 நிமிடம், நல்ல பக்கற் 3,600, பயன்திறன் 50 வீதம் என்று வைப்போம். மேலே கணக்கிட்ட நாளின் 71.1ஐயும் இந்த 50ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 60.6. சரியான விடை அதுவல்ல: நல்லவை 13,203, உச்சம் 20,700, ஆகவே 63.8. வீதங்களைக் கூட்டக் கூடாது, பக்கற்றையும் நிமிடத்தையும் கூட்டிவிட்டுக் கடைசியில் வகுக்க வேண்டும். ஒரு கிலோவும் 400 கிராமும் மாறி மாறி அடைத்தால் ஒவ்வொன்றையும் அதனதன் உரிய நேரத்தால் பெருக்கி நிமிடமாக்கிய பிறகே கூட்டலாம்.

கடைசியில் தரம். கூடையில் கிடந்த 297இல் நிறை குறைந்தவை 180, ஒட்டு விட்டவை 90, மிச்சம் அச்சுப் பிசகியவை. ஒட்டு விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தாடைக்கு இடையில் சிக்கும் ஓர் உப்புப் பரல். இதில் உப்புக்கே உரிய ஒரு தடுமாற்றம் இருக்கிறது: பிழைபட்ட பக்கற்றைக் கிழித்து உப்பை மறுபடி புனலில் கொட்டிவிடலாம். நட்டம் ஒரு துண்டு பிளாஸ்டிக்தானே என்று கூடையை எண்ணாமலே விட்டுவிடுவார்கள். மெசினுக்கோ அந்தப் பக்கற்றை அடைத்த இரண்டு விநாடி திரும்பி வராது. 297க்கும் சேர்த்துப் பத்து நிமிடம். முதல் தடவையிலேயே சரியாக வந்தது மட்டும்தான் நல்லது என்ற விதி அதற்காகத்தான். காலையில் நிறை சரிபார்க்கும்போது வீணானவற்றை எண்ணியில் ஏற்றுவதா என்பதையும் முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும்: எண்ணியில் ஏறினால் கூடையிலும் ஏற வேண்டும், ஒன்றில் மட்டும் ஏறினால் தர விகிதம் பொய் சொல்லும். அயடீன் அளவு போதாது என்று ஆய்வுகூடம் மறுநாள் சொன்னால், நேற்று நல்லதாக எண்ணிய ஒரு தொகுதி முழுவதும் கூடைக்குப் போகிறது. ஆகையால் நேற்றைய அறிக்கையைப் பூட்டி வைக்காமல், எந்தத் தேதியில் ஏன் திருத்தினோம் என்று எழுதி, திருத்த இடம் விட வேண்டும்.

நிறை குறைந்த அந்த 180ஐ ஒரு ஒப்பரேற்றர் ஒரே திருகில் இல்லாமல் ஆக்கிவிடலாம். நிரப்பும் அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் சராசரிப் பக்கற் 1,015 கிராமாகும், எதுவும் கிலோவுக்குக் கீழே போகாது. நல்ல பக்கற் 9,783 ஆகும், பயன்திறன் 71.1இலிருந்து 72.5க்கு ஏறும், அறிக்கையில் பச்சை நிறம் விழும். அன்று மாலை லொறியில் 147 கிலோ உப்பு விலையில்லாமல் போயிருக்கும். இடைநிறுத்தப் பதிவேட்டில் அது இல்லை, வேகப் பதிவேட்டில் இல்லை, கழிவுக் கூடையிலும் இல்லை. அதைப் பார்க்க மெசினுக்குப் பக்கத்தில் ஒரு தராசும், மணிக்கு ஐந்து பக்கற் வீதம் நிறுத்து எழுத நான்காவது கொப்பி ஒன்றும் வேண்டும்.